இரண்டு தாக்கிகளின் அளவு தரப்பட்ட மூல் கணக்கில் புள்ளி எங்கே போகிறது

உயர்தர இரசாயனவியலில் மூல் கணக்கைப் பலரும் லேசான பகுதி என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். திணிவை மூலர்த்திணிவால் வகுப்பது, செறிவைக் கனவளவால் பெருக்குவது, சமன்பாட்டைப் பார்த்து விகிதம் போடுவது, அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு வினாவில் இரண்டு தாக்கிகளுக்கும் அளவு தந்திருந்தால் அது வேறு வகைக் கணக்கு. அங்கே எந்தத் தாக்கி முதலில் தீர்ந்துபோகும் என்று பார்க்காமல் கையில் முதலில் அகப்பட்டதை வைத்து விளைபொருளைக் கணித்தால், ஒரு வரியும் பிசகாமல் அழகாகப் பிழையான விடைக்கு வந்து சேரலாம். பல்தேர்வு வினாவென்றால் அந்தப் பிழையான விடை ஐந்து தெரிவுகளுக்குள் பெரும்பாலும் இருக்கும். வினா எழுதுபவருக்கு நாம் எங்கே வழுக்குவோம் என்று தெரியும். கணித்த எண்ணைத் தெரிவுகளில் கண்டதும் சரிதான் என்ற நிம்மதியோடு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம்.

இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் என்று நான் நினைத்து நினைத்து நொந்ததுண்டு. வன்னியில், ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளிய ஊர்களில், இரசாயனவியலுக்கு நல்ல வகுப்பு வேண்டுமென்றால் வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோதான் போகவேண்டும். வகுப்புக் காசோடு பஸ் காசும் சேரும், போய்வரும் நாளில் வேறு பாடம் படிக்க நேரம் மிஞ்சாது. இரண்டாம் தடவைக்கு எழுதும்போது அந்தச் செலவை வீட்டில் திரும்பக் கேட்க வாய் வராது. அதனால் கடந்தகால வினாத்தாள்களை வைத்துத் தனியாகப் படித்தேன். விடைப் பட்டியலில் தெரிவின் இலக்கம் மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. நான் வட்டமிட்ட தெரிவு ஏன் பொருந்தவில்லை என்று கேட்க ஆளில்லை. ஒரு வருடம் அப்படிப் போனது. அந்த வருடத்தில் விளங்கிக்கொண்டதை, இப்போது அதே நிலையில் இருக்கும் தம்பி தங்கைமாருக்காக இங்கே விரித்து எழுதுகிறேன்.

பிரச்சினையின் வேர், எல்லோருக்கும் வாய்ப்பாடு போலச் சொல்லித்தரப்படும் ஒரு வசனம்: "மூல் குறைவாக உள்ளதுதான் எல்லைப்படுத்தும் தாக்கி." இது முழுப் பொய்யில்லை, அதனால்தான் ஆபத்து. நாம் முதலில் பழகும் கணக்குகளைப் பாருங்கள். ஐதரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஐதரொட்சைட்டும், வெள்ளி நைத்திரேற்றும் சோடியம் குளோரைட்டும், நாகமும் செப்புச் சல்பேற்றும். மூன்றிலும் தாக்கிகள் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தாக்கமடைகின்றன. ஒன்றுக்கு ஒன்று என்றால் மூல் குறைந்தது முதலில் தீரும் என்பது உண்மைதான். திரும்பத் திரும்ப விடை சரியாக வரும்போது அந்த வசனத்தில் நம்பிக்கை ஊறிப்போகிறது. பிறகு குணகங்கள் வேறுபடும் சமன்பாடு வரும்போதும் அதே வசனத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். "அண்ணை, குறைஞ்சதுதானே முதல்ல முடியும்?" என்று பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. எதில் குறைந்தது என்பதை மட்டும்தான் தெளிவாக்கவேண்டும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக் கடைசிவரை போவோம். 2.7 கிராம் அலுமினியத்துக்கு, ஒரு கனதெசிமீற்றரில் 1.0 மூல் கொண்ட ஐதரோகுளோரிக் அமிலம் 200 கனசென்ரிமீற்றர் சேர்க்கப்படுகிறது. வெளிவரும் ஐதரசன் எத்தனை மூல்? சமன்பாடு இது:

2Al + 6HCl → 2AlCl3 + 3H2

அலுமினியத்தின் சாரணுத்திணிவு 27, ஆகவே 2.7 கிராம் என்பது 0.10 மூல். அமிலம் 0.20 மூல். வாய்ப்பாட்டின்படி 0.10 குறைவு, எனவே அலுமினியம் எல்லைப்படுத்தும் தாக்கி. திணிவைப் பார்த்து முடிவெடுப்பவரும் அதே இடத்துக்குத்தான் வருவார், ஏனென்றால் 0.20 மூல் HCl இன் திணிவு 7.3 கிராம், அலுமினியம் 2.7 கிராம். இரண்டு குறுக்குவழியும் அலுமினியத்தையே கைகாட்டுகின்றன. அதன்படி 2 மூல் Al இலிருந்து 3 மூல் H2, எனவே 0.10 மூலிலிருந்து 0.15 மூல் H2. கணித்தல் சுத்தமாக இருக்கிறது, விடை பிழை.

சரியானது எது என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: இந்த 0.10 மூல் அலுமினியம் முழுவதும் கரைய எவ்வளவு அமிலம் வேண்டும்? 2 மூலுக்கு 6 மூல், அதாவது மூன்று மடங்கு. 0.30 மூல் வேண்டும். இருப்பதோ 0.20 மூல். ஆகவே அமிலம்தான் முதலில் தீரும், அலுமினியம் மிஞ்சும். ஐதரசனை அமிலத்திலிருந்து கணிக்கவேண்டும்: 6 மூல் HCl இலிருந்து 3 மூல் H2, 0.20 மூலிலிருந்து 0.10 மூல். தாக்கமடைந்த அலுமினியம் 0.20/3 மூல், அதாவது 1.8 கிராம். மிஞ்சியது 0.9 கிராம்.

இதையே சுருக்கமாகச் செய்ய ஒவ்வொரு தாக்கியின் மூலையும் அதன் குணகத்தால் வகுத்து, வரும் ஈவுகளை ஒப்பிடலாம். அலுமினியத்துக்கு 0.10/2 = 0.050, அமிலத்துக்கு 0.20/6 = 0.033. சிறிய ஈவு யாருடையதோ அதுவே எல்லைப்படுத்தும் தாக்கி. இந்த ஈவுக்கு ஒரு பொருள் இருக்கிறது. கையிலுள்ள அளவைக் கொண்டு சமன்பாட்டில் எழுதியபடியே தாக்கத்தை எத்தனை தடவை முழுதாக நடத்தலாம் என்பதுதான் அது. அலுமினியம் 0.050 தடவைக்குப் போதும், அமிலம் 0.033 தடவையோடு நின்றுவிடும். இதை விளங்கிக்கொண்டால் வகுப்பதா பெருக்குவதா என்ற குழப்பம் வராது. அவசரத்தில் சிலர் குணகத்தால் பெருக்கிவிடுகிறார்கள். 0.10 × 2 = 0.20, 0.20 × 6 = 1.20 என்று வர, திரும்பவும் அலுமினியம்தான் சிறிதாகத் தெரியும். குணகம் பெரிதாக இருந்தால் அந்தத் தாக்கி வேகமாகச் செலவாகிறது என்று அர்த்தம், ஆகவே அதன் அளவை வகுத்துச் சிறிதாக்கித்தான் பார்க்கவேண்டும்.

இங்கே இன்னொரு சறுக்கலும் உண்டு. சரியாக வகுத்து அமிலத்தைக் கண்டுபிடித்தபின், அந்த 0.033 ஐயே ஐதரசனின் மூல் என்று எழுதிவிடுவது. ஈவு எந்தப் பொருளின் மூலும் அல்ல. விளைபொருள் வேண்டுமென்றால் அதை விளைபொருளின் குணகத்தால் பெருக்கவேண்டும்: 0.033 × 3 = 0.10 மூல் H2. பரீட்சையில் கல்குலேற்றர் கிடையாது என்பதால் 0.033 என்று தசமத்தில் வெட்டாமல் 0.20/6 என்றே வைத்திருங்கள். மூன்றால் பெருக்கும்போது தானாகச் சுருங்கும். 0.03 என்று வெட்டிவிட்டு 0.09 மூல் என்று முடித்தால், எல்லைப்படுத்தும் தாக்கியைச் சரியாகக் கண்டுபிடித்தும் தெரிவு மாறிப்போகலாம்.

விடை சரியா என்று யாரையும் கேட்காமல் அறிய வழியிருக்கிறது. தனியாகப் படிப்பவருக்கு இதுதான் பெரிய துணை. முதலாவது, அணுவை எண்ணுங்கள். ஐதரசன் வாயுவில் உள்ள ஒவ்வொரு H அணுவும் HCl இலிருந்துதான் வரமுடியும். 0.20 மூல் HCl இல் இருப்பது 0.20 மூல் H அணு. அதிலிருந்து அதிகபட்சம் 0.10 மூல் H2 தான் உருவாகும். 0.15 மூல் என்று எழுதியவர் 0.30 மூல் H அணுவுக்குக் கணக்குக் காட்டவேண்டும், மிச்ச 0.10 மூல் எங்கிருந்து வந்தது? விளைபொருளில் உள்ள ஒரு மூலகம் ஒரே தாக்கியிலிருந்து மட்டும் வருகிறது என்றால் இந்தச் சோதனை சில விநாடி வேலைதான்.

இரண்டாவது, திணிவைக் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் அலுமினியம் 2.7, HCl 7.3, ஆக 10.0 கிராம். சரியான விடையில் உருவாகும் AlCl3 0.20/3 மூல், மூலர்த்திணிவு 133.5 என்பதால் 8.9 கிராம். ஐதரசன் 0.2 கிராம், மிஞ்சிய அலுமினியம் 0.9 கிராம். கூட்டினால் 10.0. பிழையான வழியில் AlCl3 0.10 மூல், 13.35 கிராம், ஐதரசன் 0.3 கிராம். பத்துக் கிராம் பொருளிலிருந்து 13.65 கிராம் வந்திருக்கிறது. இப்படி ஒரு கூட்டல் போட்டிருந்தால் அந்த இடத்திலேயே பிடிபட்டிருக்கும். மூன்றாவது, மிஞ்சும் அளவைக் கணியுங்கள். அலுமினியம் தீர்ந்தது என்றால் மிஞ்சும் அமிலம் 0.20 − 0.30, அதாவது மறை எண். மறை எண் வந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், மற்றத் தாக்கிதான் எல்லைப்படுத்துவது. சமன்பாட்டின் கீழே தொடக்க மூல், மாற்றம், இறுதி மூல் என்று மூன்று வரி எழுதும் பழக்கம் இருந்தால் இந்த மறை எண் கண்ணில் படாமல் போகாது. மாற்ற வரியில் எழுதும் எண்கள் எல்லாம் ஒரே தாக்கியிலிருந்து வரவேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இதில் ஒரு விசயம் எனக்குத் தாமதமாகத்தான் பிடிபட்டது, பிடிபட்ட அன்று பெரிய ஆறுதல். பிழையான தாக்கியை வைத்துக் கணித்த விளைபொருளின் அளவு சரியான விடையை விட எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், ஒருபோதும் சிறிதாக வராது. மிகையாக உள்ள தாக்கியை முழுவதும் தாக்கமடைந்ததாக எடுப்பதால் அப்படி. ஆகவே சந்தேகம் இருந்தால் விளைபொருளை இரண்டு தாக்கிகளிலிருந்தும் தனித்தனியே கணித்து, சிறியதை எடுங்கள். அலுமினியத்திலிருந்து 0.15, அமிலத்திலிருந்து 0.10, எனவே 0.10. எது எல்லைப்படுத்தும் தாக்கி என்று பெயர் சொல்லாமலே விடை வந்துவிடும். மூன்று தாக்கிகள் இருந்தாலும் இதே வழிதான். நேரம் கொஞ்சம் கூடும், ஆனால் பதற்றத்தில் தடம்மாறாத வழி இது. ஒன்றை மறக்கக்கூடாது. சிறியதை எடுப்பது ஒரே விளைபொருளின் இரண்டு மதிப்பீடுகளுக்கு மட்டும். ஒன்றில் AlCl3 ஐயும் மற்றதில் H2 ஐயும் கணித்து ஒப்பிட்டால் அர்த்தமில்லை.

விடை பெரிதாக வரும் என்பதால் எப்போதும் பிடிபட்டுவிடும் என்று நம்பவும் முடியாது. விளைச்சல் சதவீதம் கேட்கும் வினா இதை மறைத்துவிடும். மேலே சொன்ன கணக்கில் சேகரிக்கப்பட்ட ஐதரசன் 0.090 மூல் என்று வைப்போம். சரியான அறிமுறை விளைச்சல் 0.10 என்பதால் 90 சதவீதம். பிழையாக 0.15 ஐ வைத்தால் 60 சதவீதம். இரண்டுமே பார்க்க நியாயமான எண்கள். நூறுக்கு மேல் போனால் சந்தேகம் வரும், 60 வந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் விளைச்சல் சதவீதம் கேட்டால் வகுத்தலுக்கு முன்பே திணிவுச் சோதனையையோ அணுச் சோதனையையோ முடித்துவிடுங்கள்.

கட்டுரை வினாவில் இழப்பு இன்னும் கூடும், ஏனென்றால் ஒரு பகுதியின் விடை அடுத்த பகுதிக்குள் போகிறது. அதே கணக்கைத் தொடர்வோம். மிஞ்சிய அலுமினியத்தை வடித்து அகற்றிவிட்டு (அகற்றாவிட்டால் அதுவும் காரத்தோடு தாக்கமடைந்து ஐதரசன் தரும்), கரைசலுக்கு 0.24 மூல் சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்தால் எவ்வளவு வீழ்படிவு இருக்கும்? முதற்பகுதியில் பிழைவிட்டவர் கரைசலில் 0.10 மூல் அலுமினியம் அயன் இருப்பதாக நினைப்பார். அதற்கு 0.30 மூல் OH⁻ வேண்டும், இருப்பது 0.24, எனவே காரம் எல்லைப்படுத்துகிறது என்று 0.080 மூல் Al(OH)3, 6.24 கிராம் என்று எழுதுவார். உண்மையில் கரைசலில் இருப்பது 0.20/3 மூல் அலுமினியம் அயன். அதை முழுவதும் வீழ்படிவாக்க 0.20 மூல் OH⁻ போதும். இங்கே எல்லைப்படுத்துவது அலுமினியம் அயன், காரம் 0.04 மூல் மிகை. அந்த மிகை சும்மா இருக்காது, 0.04 மூல் வீழ்படிவைத் திரும்பக் கரைக்கும்:

Al(OH)3 + OH⁻ → [Al(OH)4]⁻

மிஞ்சும் வீழ்படிவு 0.0267 மூல், 2.08 கிராம். பிழையான விடை சரியாக மூன்று மடங்கு. முதற்படியில் தாக்கி மாறியதால் இரண்டாம் படியிலும் எல்லைப்படுத்தும் தாக்கி மாறிவிட்டது, வீழ்படிவு கரையும் தாக்கம் வினாவில் இருப்பதே தெரியாமல் போய்விட்டது. ஆகவே பல படிகள் உள்ள வினாவில் ஒவ்வொரு படிக்கும் எல்லைப்படுத்தும் தாக்கியைப் புதிதாகத் தேடவேண்டும். முந்தைய படியில் எது தீர்ந்தது என்பது அடுத்த படிக்குச் செல்லுபடியாகாது, முந்தைய படியின் இறுதி மூல்கள் மட்டும்தான் அடுத்ததன் தொடக்கத்துக்கு வரும்.

வினாவை வாசிக்கும்போதே இது எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு தாக்கியின் அளவு மட்டும் தந்திருந்தால், அல்லது மற்றது "மிகையாக" என்று எழுதியிருந்தால், தேடவேண்டிய வேலையே இல்லை. இரண்டுக்கும் எண் தந்திருந்தால் முதல் வேலை ஈவு பார்ப்பது. பல்தேர்வில் "எல்லைப்படுத்தும் தாக்கி" என்ற சொல் பெரும்பாலும் வராது, நாமாகத்தான் கண்டுகொள்ளவேண்டும். இரண்டு எண்களுக்கும் கீழே கோடு போட்டுவிட்டுத் தொடங்குவது நல்ல பழக்கம். மாதிரி தூய்மையற்றது என்றால் தூய்மைச் சதவீதத்தால் பெருக்கியபின்தான் ஒப்பிடவேண்டும், தந்த திணிவை அப்படியே மூலாக்கக்கூடாது. மீளும் தாக்கங்களில், உதாரணமாக நைதரசனும் ஐதரசனும் அமோனியாவாகும்போது, எல்லைப்படுத்தும் தாக்கி முழுவதும் தீராது. அங்கே இந்தக் கணக்கு தருவது அமோனியா தாண்டமுடியாத உச்ச அளவை மட்டும், சமநிலையில் உள்ள அளவை அல்ல.

ஆய்வுகூடம் கிடைத்தால் அலுமினியத் துண்டும் ஐதான அமிலமும் எடுத்துப் பாருங்கள். துண்டை அரத்தாளால் தேய்த்துப் போடுங்கள், தேய்த்தபின்னும் மேற்பரப்பில் எஞ்சும் ஒட்சைட்டுப் படை காரணமாகத் தொடக்கத்தில் குமிழி மெதுவாகத்தான் வரும், அதைக் கண்டு தாக்கம் நடக்கவில்லை என்று நினைக்கவேண்டாம். குமிழி நின்றபின் உலோகம் மிஞ்சியிருந்தால் அமிலம் தீர்ந்திருக்கிறது, கொஞ்சம் அமிலம் விட்டால் திரும்பக் குமிழி வரும். உலோகம் முழுவதும் மறைந்திருந்தால் உலோகம்தான் எல்லைப்படுத்தியது.

ஆய்வுகூடம் இல்லாவிட்டால் கொப்பியில் செய்யுங்கள். நாளுக்கு ஒரு புதுக் கணக்கு தேடி அலைவதை விட ஒரே கணக்கின் எண்ணை மாற்றிப் பார்ப்பது எனக்கு அதிகம் கைகொடுத்தது. அலுமினியத்தை 2.7 கிராமிலேயே வைத்து அதே அமிலத்தை 100, 200, 300, 400 கனசென்ரிமீற்றர் என்று கூட்டுங்கள். ஐதரசன் 0.05, 0.10, 0.15, 0.15 மூல் என்று வரும். 0 பாகை செல்சியசிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் அது 1.12, 2.24, 3.36, 3.36 கனதெசிமீற்றர். இதை வரைபில் குறித்தால் கோடு 300 வரை நேராக ஏறி, பிறகு கிடையாகப் போகும். ஏறும் பகுதி முழுவதும் அமிலம் எல்லைப்படுத்துகிறது, கிடையான பகுதியில் அலுமினியம், முறியும் புள்ளியில் இரண்டும் ஒன்றாகத் தீர்கின்றன. வரைபைத் தந்து முறியும் புள்ளியிலிருந்து உலோகத்தின் திணிவையோ அமிலத்தின் செறிவையோ கேட்டால், அந்தப் புள்ளியில் மட்டும்தான் இரண்டு தாக்கிகளில் எதை வைத்துக் கணித்தாலும் ஒரே விடை வரும்.